ஒரு வீடு, மூன்று சட்டகங்கள்: மூன்றிலொரு பங்கு விதி, சமச்சீர், இட்டுச்செல்லும் கோடுகள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய செட்டிநாட்டு வீடொன்றின் தலைவாசலில் நின்று உள்ளே பார்த்தால், முகப்பு, வளவு என்னும் நடுமுற்றப் பகுதி, இரண்டாம் கட்டு என்று ஒவ்வொரு நிலைக்கதவையும் தாண்டிப் பின்வாசலின் வெளிச்சம் வரைக்கும் பார்வை ஒரே நேர்கோட்டில் ஓடும். அப்படிப்பட்ட ஒரு வீட்டில், அந்தக் குடும்பத்தார் ஆல்பத்தில் ஒட்டிக்கொள்வதற்காக, வீட்டையும் வீட்டின் மூத்த ஆச்சியையும் கைப்பேசியிலேயே படமெடுத்துத் தரும் வேலை எனக்கு ஒருமுறை வாய்த்தது. படச்சட்டகத்தை அமைப்பதற்குச் சொல்லப்படும் மூன்று வழிகளும் அந்த ஒரே பகலில், ஒரே வீட்டுக்குள் தேவைப்பட்டன. அந்தப் படங்களை வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். உங்கள் வீட்டுத் திண்ணையிலோ அடுக்குமாடிக் குடியிருப்பின் நடைவழியிலோ இதே படிகளைச் செய்து பார்க்கலாம்.

தொடங்கும் முன்

முதலில் திரையில் கட்டக்கோடுகளை வரவழைத்துக்கொள்ளுங்கள். ஐபோனில் Settings சென்று Camera பகுதியில் Grid என்பதையும், அதன் அருகில் இருந்தால் Level என்பதையும் இயக்கவேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் கேமரா செயலியின் அமைப்புகளுக்குள் Grid அல்லது Grid lines என்ற பெயரில் இது இருக்கும். அகலத்தையும் உயரத்தையும் மும்மூன்று சம பாகங்களாகப் பிரிக்கும் நான்கு கோடுகள் திரையில் தோன்றும். படத்தில் அவை பதிவாகா.

அடுத்து, படத்தின் விகிதத்தை முடிவு செய்யுங்கள். பெரும்பாலான கைப்பேசிகளின் உணரி 4:3 விகிதத்தில் இருப்பதால், 16:9 என்று மாற்றும்போது பெரும்பாலும் மேலும் கீழும் வெட்டப்பட்ட படம்தான் கிடைக்கிறது. சட்டகத்தை அமைத்து முடித்த பிறகு விகிதத்தை மாற்றினால் அமைத்ததெல்லாம் இடம் பெயர்ந்துவிடும். நான் 4:3 விகிதத்தில் எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் பிறகு வெட்டிக்கொள்வதே வழக்கம். கடைசியாக, வில்லையை வேட்டி நுனியாலோ மென்துணியாலோ துடைத்துவிடுங்கள். நிழலான கூடத்தில் நின்று வெளிச்சமான வாசலை எடுக்கும்போது, வில்லையில் படிந்த விரல் எண்ணெய் படம் முழுவதையும் புகைமூட்டமாக்கிவிடும்.

ஆச்சி பூத்தொடுக்கும் படம்: மூன்றிலொரு பங்கு விதி

ஆச்சி முகப்பின் பட்டாலைத் திண்ணையில், ஒரு தூணை ஒட்டி அமர்ந்து மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தார். வாசல் வெளிச்சம் அவருக்கு இடப்புறமிருந்து, அதாவது படத்தில் நமக்கு வலப்புறமிருந்து, வந்தது. நான் எடுத்த முதல் படம் எல்லோரும் எடுக்கும் படம்தான். முகம் தெளிவாக இருக்கவேண்டும் என்ற எண்ணத்தில் கண் தானாகவே முகத்தைத் திரையின் நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அதன் விளைவாகத் தலைக்கு மேல் படத்தின் பாதி வரை வெறும் சுவரும் விட்டமும் நின்றன. கீழே, பூத்தொடுக்கும் கைகள் பாதியோடு வெட்டுப்பட்டன. அந்தப் படத்தின் உயிரே கைகள்தாம். நடுவில் வைத்தது முகத்துக்கு நல்லதாகவும் படத்துக்குக் கெடுதலாகவும் முடிந்தது.

மூன்றிலொரு பங்கு விதி என்ற பெயரை 1797இல் நிலக்காட்சி ஓவியத்தைப் பற்றி எழுதும்போது பயன்படுத்தியவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர். அவர் பேசியது பரப்புகளைப் பற்றி: வானமும் நிலமும், ஒளியும் நிழலும் சம பாதிகளாகப் பிரிந்து நிற்பதைவிட, ஒன்று இரண்டு பங்கும் மற்றது ஒரு பங்குமாகப் பிரிந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும் என்பது அவருடைய கருத்து. இன்று இவ்விதியைச் சொல்லித்தருபவர்கள் கோடுகள் வெட்டிக்கொள்ளும் நான்கு புள்ளிகளையே பிடித்துக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் பரப்பைப் பற்றிய பழைய கருத்துதான் கூடுதலாகப் பயன்படுகிறது. புள்ளியில் முகத்தை வைத்துவிட்டு, எஞ்சிய இரண்டு பங்கில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விட்டால், ஓரத்தில் ஒதுக்கப்பட்ட முகமும் பெரிய வெற்றிடமும்தான் மிஞ்சும்.

எனவே முதல் படியாக, அந்த இரண்டு பங்கில் எது இருக்கப்போகிறது என்பதைத் தீர்மானியுங்கள். ஆச்சியின் படத்தில் அவர் பார்வை சென்ற வலப்பக்கத்தில் பூக்கூடையும், வாசலிலிருந்து தரையில் விழுந்த வெயிலும் இருந்தன. ஆகவே அவரை இடக்கோட்டின் மேல் வைத்து, வலப்பக்க இரண்டு பங்கைக் கூடைக்கும் வெயிலுக்கும் கொடுத்தேன். மனிதரோ வண்டியோ எந்தப் பக்கம் நோக்குகிறதோ அந்தப் பக்கத்தில் கூடுதல் இடம் விடவேண்டும் என்பது இதனால்தான். மாறாக வைத்தால், ஒருவர் சுவரை முட்டிக்கொண்டு நிற்பதுபோலத் தெரியும்.

இரண்டாவதாக, கண்களை மேல் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். உச்சந்தலையையோ முகத்தின் மையத்தையோ வைக்கவேண்டியதில்லை. கண்களை வைத்தால் போதும். கண்கள் மேல் கோட்டில் அமர்ந்ததும் தலைக்கு மேல் இருந்த வீண் இடம் தானாகக் குறைந்து, கீழே கைகளுக்கு இடம் கிடைத்தது. மூன்றாவதாக, முகத்தின் மேல் திரையை ஒருமுறை தொடுங்கள். முகம் நடுவிலிருந்து விலகியிருக்கும்போது, கைப்பேசி சில வேளைகளில் வெளிச்சமான பின்னணிக்கு ஏற்ப ஒளியளவை அமைத்து முகத்தை இருட்டாக்கிவிடும். ஐபோனில் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் AE/AF LOCK என்று தோன்றும். அதன் பிறகு சட்டகத்தைச் சிறிது நகர்த்தினாலும் குவியமும் ஒளியளவும் மாறா.

இங்கே ஒரு எச்சரிக்கை. 0.5x அகன்ற வில்லையில் எடுக்கும்போது முகத்தைப் பக்கக்கோட்டுக்கு அப்பால் தள்ளினால், ஓரத்தை நோக்கி முகம் இழுபட்டுப் பக்கவாட்டில் அகன்று தெரியும். ஆளை ஓரமாக வைக்கும் படங்களுக்கு 1x வில்லையும், இரண்டடி பின்னால் செல்ல இடமிருந்தால் 2x வில்லையும் பாதுகாப்பானவை. நான் 2x வைத்து ஏறக்குறைய 8 அடி தூரத்திலிருந்து எடுத்தேன்.

படத்தைத் திரையில் காட்டியதும் ஆச்சி, "என்னப்பா, என்னைய ஓரத்துல தள்ளிட்ட?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். குடும்பப் படத்தில் நடுவிடம் மரியாதைக்குரிய இடம் என்று பழகிய கண்ணுக்கு ஓரம் குறையாகத் தெரியும். படத்தை அருகில் கொண்டுபோய்க் கூடையையும் வெயிலையும் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். நேராக நம்மைப் பார்த்து அமர்ந்திருக்கும் பெரியவரின் தனிப்படத்துக்கும், வெறும் சுவரின் முன் நிற்கும் முகத்துக்கும் இவ்விதியை வற்புறுத்தாதீர்கள். அங்கே எஞ்சிய இரண்டு பங்குக்குச் சொல்ல எதுவுமில்லை.

தலைவாசலிலிருந்து பின்வாசல் வரை: சமச்சீர்

அடுத்த படம் வீட்டின் நெடுக்கு அச்சு. இருபுறமும் தூண்கள், ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும் கதவுகள், தரையில் ஆத்தங்குடிக் கற்களின் ஓரப்பட்டை என்று எல்லாமே சமச்சீராக அமைந்த இடம் இது. இங்கே மூன்றிலொரு பங்கு விதியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தால், வீட்டைக் கட்டியவர் செய்த வேலையை நாமே கலைத்ததாகும். அச்சு திரையின் நடுவில்தான் வரவேண்டும். கட்டக்கோடுகளில் நடுக்கோடு இல்லாததால், இரண்டு நெடுக்குக் கோடுகளிலிருந்தும் இடப்புற, வலப்புறத் தூண்கள் ஒரே தூரத்தில் நிற்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

சமச்சீர்ப் படம் சற்றே பிசகினாலும் கண் உடனே கண்டுபிடித்துவிடும். ஆனால் எது பிசகியது என்று சொல்லத் தெரியாது. நான்கு பிழைகள் இருக்கின்றன. நின்ற இடம் அச்சிலிருந்து விலகியிருக்கலாம். கைப்பேசி இடமோ வலமோ திரும்பியிருக்கலாம். ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். மேலோ கீழோ அண்ணாந்தும் குனிந்தும் இருக்கலாம். இந்த வரிசையிலேயே சரிசெய்யவேண்டும். ஏனென்றால் பின் மூன்றையும் திருத்தும் செயலியில் ஓரளவு சரிசெய்யலாம். முதல் பிழையை எந்தச் செயலியாலும் முறையாகத் திருத்த முடியாது. அருகிலுள்ள பொருளுக்கும் தூரத்திலுள்ள பொருளுக்கும் உள்ள உறவு, நீங்கள் நின்ற இடத்தால் முடிவானது.

நின்ற இடத்தைச் சோதிப்பதற்கு, அருகிலுள்ள கதவின் நிலைக்குள் தூரத்துக் கதவு எங்கே தெரிகிறது என்று பாருங்கள். நான் எடுத்த படத்தின் கணக்கைச் சொல்கிறேன். முதல் நிலை என்னிடமிருந்து 10 அடியில் இருந்தது. கடைசி நிலை ஏறக்குறைய 60 அடியில். இரண்டின் அகலமும் 4 அடி, அதாவது 48 அங்குலம். ஆறு மடங்கு தூரத்தில் இருப்பதால், கடைசி நிலை முதல் நிலைக்குள் 8 அங்குல அகலமாகத்தான் தெரியும். அச்சில் சரியாக நின்றால் அதன் இருபுறமும் 20 அங்குலம் இடைவெளி இருக்கும். அச்சிலிருந்து வலப்பக்கம் வெறும் அரை அடி விலகி நின்றால் கடைசி நிலை 5 அங்குலம் வலப்பக்கம் நகர்ந்து தெரியும். இடப்புற இடைவெளி 25 அங்குலமாகவும் வலப்புறம் 15 அங்குலமாகவும் ஆகிவிடும். அரை அடி என்பது ஒரு கால் வைக்கும் அகலம். அதற்கே இவ்வளவு வேறுபாடு.

ஆகவே விதி எளிது: இடைவெளி எந்தப் பக்கம் கூடுதலாக இருக்கிறதோ, அந்தப் பக்கமே உடலோடு நகருங்கள். கைகளை மட்டும் நகர்த்தினால் கைப்பேசி திரும்பிக்கொண்டு இரண்டாவது பிழையைக் கொண்டுவந்துவிடும். தரையில் கற்களின் இணைப்புக்கோடு அச்சில் ஓடினால் அதன் இருபுறமும் பாதங்களை வைத்து நில்லுங்கள். ஆனால் வில்லை கைப்பேசியின் மூலையில் இருப்பதால், வைக்கவேண்டியது கைப்பேசியின் நடுவையா வில்லையையா என்ற ஐயம் வரும். வில்லையைத்தான் அச்சில் வைக்கவேண்டும்.

இடைவெளிகள் சமமான பிறகு, எதிரேயுள்ள நிலையின் மேல்கட்டையையோ படியையோ பாருங்கள். அது கட்டக்கோட்டுக்கு இணையாக இல்லாமல் ஒரு பக்கம் குறுகிக்கொண்டு போனால் கைப்பேசி அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். குறுகாமல், மேல்கட்டையும் படியும் ஒரே அளவில் சரிந்திருந்தால் அது வெறும் சாய்வு. Level காட்டும் கோடு அதை நேராக்கிவிடும். தூண்கள் மேலே போகப்போக ஒன்றையொன்று நெருங்கினால் கைப்பேசி அண்ணாந்திருக்கிறது. உயரமான வளவில் மேற்கூரையையும் பிடிக்கவேண்டும் என்ற ஆசையில் எல்லோரும் செய்யும் தவறு இது. கைப்பேசியை நிமிர்த்தி வைத்து, ஓரடி உயர்த்தி, அல்லது இரண்டடி பின்னால் சென்று எடுங்கள். தரை கூடுதலாக விழுந்தால் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

இத்தனையும் செய்து முடித்த படத்தில் ஆளே இல்லாவிட்டால், அது கட்டட விற்பனை விளம்பரம்போல இருக்கும் என்பது என் கருத்து. இரண்டாம் நிலையைத் தாண்டி ஒருவர் நடந்து வரட்டும். அவர் சரியாக நடுவில் வரவேண்டும். இல்லாவிட்டால் தெளிவாக ஒரு பக்கத் தூணருகே நிற்கவேண்டும். நடுவிலிருந்து கையளவு விலகி நின்றால் நாம் கவனிக்காமல் விட்டதுபோலத் தெரியும். நான் ஏழெட்டுப் படங்கள் தொடர்ச்சியாக எடுத்து, வீட்டுப் பையன் சரியாக நிலையின் நடுவில் காலெடுத்து வைத்த ஒன்றைத் தேர்ந்துகொண்டேன்.

ஊருணிக்கரையில் கோவில் கோபுரமும் நீரில் அதன் பிம்பமும் சேர்ந்து தெரியும் படமும் சமச்சீர்தான், படுக்கை அச்சில். அங்கே நீர்விளிம்பை நடுவில் வைக்கலாம். கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்து, வில்லை நீருக்கு மிக அருகில் வரும்படி தாழ்த்தினால், கரையோரத்துப் படியும் புல்லும் மறைக்காமல் பிம்பம் நிறைவாகத் தெரியும். காற்றில்லாத அதிகாலைதான் இதற்கு ஏற்ற வேளை.

சமையற்கட்டு வாசலில் ஆச்சி: இட்டுச்செல்லும் கோடுகள்

வளவைச் சுற்றி ஓடும் தாழ்வாரத்தில், தரைக்கற்களின் நிறப்பட்டைகள் இரண்டு பக்கமும் நேராகச் சென்று சமையற்கட்டு வாசலில் முடிகின்றன. கண் அவற்றைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேரும் இடத்தில் பார்க்கத்தக்க ஒன்று இருந்தால் அதுதான் இட்டுச்செல்லும் கோடு. ஒன்றுமில்லாத இடத்தில் போய் முடிந்தால் அது வெறும் கோடு. எனவே முதலில் முடிவிடத்தைத் தேடுங்கள். கோடுகளைப் பிறகு தேடலாம்.

பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்லாமல் விடும் ஒன்று இங்கே இருக்கிறது. தரையில் இணையாக ஓடும் கோடுகள் படத்தில் சந்திக்கும் உயரம், கேமரா தரையிலிருந்து இருக்கும் உயரமேதான். 5 அடி உயரத்தில் பிடித்தால், அங்கே நிற்பவரின் 5 அடி உயரத்தில், ஏறக்குறைய முகத்தில், கோடுகள் சென்று கூடும். 2 அடிக்குத் தாழ்த்தினால் அவருடைய முழங்காலில் போய்க் கூடும். தரையோடு தரையாகப் படுத்து எடுத்தால் படம் எடுப்பாக இருக்கும் என்று கேள்விப்பட்டுச் செய்பவர்கள், எல்லாக் கோடுகளும் ஆளின் செருப்பைச் சுட்டும் படத்தோடு திரும்புவது இதனால்தான்.

மற்றொரு பக்கம், உயரம் கூடக்கூடக் கோடுகளின் வீச்சு குறைகிறது. எனக்கு இருபுறமும் பட்டைகள் ஏறக்குறைய இரண்டரை அடி விலகியிருந்தன. நின்றபடி 5 அடியிலிருந்து எடுத்தபோது அவை செங்குத்தாகக் கீழே விழுந்து படத்தின் நடுப்பகுதியிலேயே அடங்கிவிட்டன. ஓரங்களில் வெறும் தரை. கைப்பேசியின் உயரமும் பட்டையின் விலகலும் சமமாகும்போதுதான் கோடுகள் 45 பாகையில் விரியும். 4:3 விகிதத்தில் படுக்கையாகவும் மட்டமாகவும் பிடித்த படத்தில், அவை கீழ்விளிம்பின் மூலைகளுக்குச் சற்று உள்ளே, அகலத்தில் எட்டிலொரு பங்கு தள்ளி நுழையும். கோடு மூலையிலேயே சரியாகத் தொடங்கவேண்டும் என்பாரும் உண்டு. எனக்கு அது படத்தைக் கயிற்றால் கட்டியதுபோலத் தெரிகிறது.

அப்படியானால் கைப்பேசி இரண்டரை அடியில் இருக்கவேண்டும். கோடுகளும் இரண்டரை அடியில் கூடும். முகமும் அங்கேதான் இருக்கவேண்டும். ஆச்சியைத் தரையிலேயே, வாசலுக்கு முன்னால் வழக்கமாக அரிவாள்மணையோடு அமரும் இடத்தில் அமரச் சொன்னேன். தரையில் அமர்ந்தவரின் முகம் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும். நான் முழங்காலிட்டு, கைப்பேசியை மார்புக்கு நேராகப் பிடித்தேன். கோடுகள் இரண்டும் நேரே முகத்துக்குச் சென்றன.

முதலில் அவர் தாழ்வாரத்தின் கடைக்கோடியில், ஏறக்குறைய 40 அடிக்கு அப்பால் இருந்தார். கோடுகள் அழகாகச் சென்று சேர்ந்தன. சேர்ந்த இடத்தில் ஆள் எறும்பளவு இருந்தார். என்னிடமிருந்து 15 அடி தூரத்துக்கு முன்னால் வந்து அமரச் சொன்னதும் அது சரியாயிற்று. கோடுகள் சந்திக்கும் புள்ளி அவருக்குப் பின்னால் மறைந்துகொள்கிறது. கண் அவரிடமே நின்றுவிடுகிறது.

கோடுகள் செய்யும் கெடுதலையும் பார்த்துக்கொள்ளவேண்டும். தூண்வரிசையின் நிழல் குறுக்கே ஓடி வலது விளிம்பு வழியாக வெளியேறினால் கண்ணும் கூடவே வெளியேறிவிடும். கைப்பேசியை ஒரு சாண் திருப்பினாலோ, நிழல் நகர அரை மணி காத்திருந்தாலோ அது தீரும். தலைக்குப் பின்னால் கொடிக்கயிறோ மின்கம்பியோ காதிலிருந்து காதுக்கு ஓடுவது மற்றொன்று. சற்றே குனிந்தாலோ நிமிர்ந்தாலோ கம்பி தலையிலிருந்து விலகிவிடும்.

இட்டுச்செல்லும் கோடு என்றதும் பலருக்குத் தண்டவாளம்தான் நினைவுக்கு வருகிறது. தண்டவாளத்தில் இறங்கி நிற்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. நடைமேடையின் மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நின்று அந்தக் கோட்டையே பயன்படுத்துங்கள், அல்லது நடைமேம்பாலத்தின் மேலிருந்து எடுங்கள். மேலிருந்து எடுக்கும்போது தண்டவாளங்கள் மூலையிலிருந்து மூலைக்கு வளைந்து செல்வது தனி அழகு.

வெட்டும்போது

எடுத்த படம் 4000×3000 புள்ளிகள் கொண்டது என்றால், அகலத்திலும் உயரத்திலும் கால் பங்கைக் குறைத்து 3000×2250 ஆக வெட்டினாலும் ஏ4 தாளில் அச்சிடத் தாராளமாகப் போதும். பாதியாக வெட்டி 2000×1500 ஆக்கினால் ஆல்பத்தின் கையளவு படத்துக்குச் சரி. சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கினால் முகம் குழைந்துவிடும். எனவே ஆச்சி பூத்தொடுக்கும் படத்தில் எந்தப் பக்கத்தையும் வெட்டாமல் வைத்துக்கொண்டேன். கதவுகளின் படத்தில் மட்டும் கீழே கூடுதலாக விழுந்த தரையை நீக்கினேன். அப்போது ஒரு பக்கத்தை மட்டும் தனியே வெட்டிவிடாமல், இடமும் வலமும் ஒரே அளவில் குறைத்தேன். சமச்சீர்ப் படத்தை வெட்டும்போது பலர் தவறவிடுவது இந்த ஒன்றைத்தான். மூன்றாவது படத்தை அச்சுக்கடையில் கொடுத்தபோது, அவர்களுடைய தாள் 6×4 அங்குலமாக இருந்ததால் 4:3 படத்தின் மேலும் கீழும் தாமாகவே வெட்டித் தந்துவிட்டார்கள். கோடுகள் நுழையும் கீழ்விளிம்பே போய்விட்டது. இரண்டாம் முறை, 3:2 விகிதத்துக்கு நானே மேற்பக்கத்திலிருந்து மட்டும் வெட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.